தலைப்புக்கு ஒரு சுவர்

ஒரு துப்பறியும் நாவலுக்கு அட்டைப்படம் வந்து சேர்கிறது. ஓவியர் கெட்டிக்காரர். அட்டையை நிறைத்து ஒரு பெண்ணின் முகம், கண்ணில் மிரட்சி, பின்னால் மழை, மழைக்குள் ஒரு ஆள், அவன் கையில் ஏதோ மின்னுகிறது. படத்தை மேஜைமேல் வைத்துப் பார்க்கிற எல்லோருக்கும் பிடித்துப்போகிறது. அப்புறம் அது லே-அவுட் செய்கிறவரிடம் போகிறது. தலைப்பை எங்கே வைப்பது? நெற்றியில் வைத்தால் புருவம் மறைகிறது. கழுத்தில் வைத்தால் மாலை போட்டதுபோல் இருக்கிறது. மழையின் மேல் வைத்தால் எழுத்து தெரியவில்லை. அவர் மஞ்சள் நிறத்தில் எழுத்தைப் போட்டு, சுற்றிலும் கறுப்பு ஸ்ட்ரோக் கொடுத்து, அதற்கும் பின்னால் ஒரு ஷேடோ விழவைத்து, அதுவும் போதாமல் மங்கலான கறுப்புப் பட்டை ஒன்றை இழுத்துவிடுகிறார். ஆசிரியர் பெயர் அந்த ஆளின் முழங்காலுக்குக் கீழே, கிடைத்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இப்படி அச்சான அட்டைகள் நம் வீட்டு அலமாரியிலேயே நாலைந்து கிடைக்கும். ஓவியர் மேலும் தவறில்லை, லே-அவுட்காரர் மேலும் தவறில்லை. படம் வரைந்து முடித்த பிறகு எழுத்துக்கு இடம் தேடினார்களே, அங்கேதான் கோளாறு. அட்டைக்கு வரையப்படும் படம் சுவரில் மாட்டுகிற ஓவியத்திலிருந்து ஒரே ஒரு விஷயத்தில் வேறுபடுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு இன்னொருவர் வந்து எழுதப்போகிற இடம். அந்த இடத்தை முதலில் வரைந்துவிட்டு மிச்சத்தை யோசிப்பதுதான் தொழில். குற்றக்கதை அட்டையை எடுத்துக்கொண்டு அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இந்த வகைக்குத்தான் உலகத்திலேயே மிகத் தெளிவான ஒரு முன்னுதாரணம் இருக்கிறது.

லண்டனில் ஆலன் லேன் 1935-ல் பெங்குவின் நூல்களைத் தொடங்கியபோது அட்டையில் படமே கிடையாது. மூன்று கிடைப்பட்டைகள், மேலும் கீழும் நிறம், நடுவில் வெள்ளை, வெள்ளையில் தலைப்பும் ஆசிரியர் பெயரும். நாவலுக்கு ஆரஞ்சு, வாழ்க்கை வரலாற்றுக்கு நீலம், துப்பறியும் கதைக்குப் பச்சை. விலை ஆறு பென்ஸ். துப்பறியும் கதைகளில் ஏறக்குறைய கால் நூற்றாண்டு பெரும்பாலும் அப்படியே ஓடியது. அதற்குள் மற்றவர்கள் அட்டையில் துப்பாக்கியும் அழகிகளும் வண்ண வண்ணமாக வந்துவிட்டார்கள். பெங்குவினின் பச்சைப் புத்தகம் பக்கத்தில் கிழவனாகத் தெரிய ஆரம்பித்தது.

கலை இயக்குநராக வந்த ஜெர்மானோ ஃபாச்செட்டி, 1961-ல் சில வடிவமைப்பாளர்களிடம் குற்றக்கதை வரிசைக்குப் புதிய அமைப்பு ஒன்று கேட்டார். தேர்வானது ரோமெக் மார்பர் கொடுத்தது. போலந்தில் 1925-ல் பிறந்த யூதர் மார்பர். நாஜிகளிடமிருந்து உயிர் தப்பி, போருக்குப் பின் இங்கிலாந்துக்கு வந்தவர். மிலானில் பிறந்த ஃபாச்செட்டியும் மௌத்தௌசன் முகாமிலிருந்து மீண்டவர்தான். இங்கிலாந்து வாசகர் ரயிலில் படிக்கிற கொலைக்கதைக்கு முகம் கொடுத்தது இந்த இரண்டு பேர்.

மார்பர் செய்தது கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். 111 மி.மீ. அகலமும் 181 மி.மீ. உயரமும் உள்ள அந்தச் சின்ன அட்டையில், மேலே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எழுத்துக்கென்று ஒதுக்கினார். அதையும் மெல்லிய கோடுகளால் கிடையாகப் பிரித்தார். முதல் பட்டையில் பெங்குவின் சின்னம், வரிசையின் பெயர், விலை. அடுத்ததில் தலைப்பு. அதற்கடுத்து ஆசிரியர். எல்லா எழுத்தும் இடது பக்கம் ஒரே கோட்டில் தொடங்கும். எழுத்து அலங்காரமில்லாத அக்சிடென்ஸ் க்ரோடெஸ்க். கீழே உள்ள மூன்றில் இரண்டு பங்கு முழுவதும் படத்துக்கு; அங்கே எழுத்து நுழையாது. பச்சையை அவர் கைவிடவில்லை, கொஞ்சம் வெளிச்சமாக்கினார்.

இதனால் என்ன ஆயிற்று என்றால், படம் வரைகிறவருக்கு விடுதலை கிடைத்தது. தலைப்பு எங்கே வரும் என்ற கவலை தீர்ந்துபோனதால் மார்பர் கீழே எதை வேண்டுமானாலும் செய்து பார்த்தார்: வெட்டி ஒட்டிய புகைப்படம், கிழிந்த காகிதம், நிழல், கோட்டுச் சித்திரம். டொரதி எல். சேயர்ஸ் நாவல்களுக்கு ஒரு சின்ன வெள்ளை மனித உருவத்தை ஒவ்வொரு அட்டையிலும் வெவ்வேறு விதமாகக் கொண்டுவந்து நிறுத்தினார். ஆசிரியர் பெயரைப் படிப்பதற்கு முன்பே ஆளை அடையாளம் தெரிந்துவிடும். நம்மூரில் தமிழ்வாணனின் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் செய்த வேலை அது. குற்றக்கதைக்கென்று போட்ட அந்தக் கட்டம் பிறகு பெங்குவினின் ஆரஞ்சு நாவல்களுக்கும் நீல பெலிகன் நூல்களுக்கும்கூடப் போய்ச் சேர்ந்தது.

அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் இன்னொருவர் இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டார். மேயர் லெவினின் ‘கம்பல்ஷன்’ 1956-ல் வந்தது. சிகாகோவில் உண்மையாக நடந்த ஒரு கொலையை ஒட்டிய நாவல். பால் பேக்கன் அதன் அட்டையில் தலைப்பைக் கையால் கிறுக்கியதுபோல் பெரிதாக மேலே எழுதினார். கீழே வெற்றிடத்தில் சிவப்பில் இரண்டே இரண்டு பொடி உருவங்கள் தலைப்பை நோக்கி ஓடுகின்றன. மார்பர் எழுத்துக்கும் படத்துக்கும் நடுவே சுவர் வைத்தார். பேக்கன் வெற்றிடத்தையே படமாக்கினார். இருவரும் செய்யாதது ஒன்றுதான்: படத்தின் மேல் எழுத்தை ஏற்றவில்லை.

தமிழுக்கு வரும்போது கணக்கில் இரண்டு விஷயம் கூடுகிறது. ஒன்று, கடை. மாத நாவல்கள் பெட்டிக்கடையிலும் ரயில் நிலையத்திலும் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கியவை. ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தொங்கும்போது கண்ணுக்குத் தப்பாமல் தெரிவது மேல் பாதி. வார இதழ்களின் பெயர் உச்சியில் இருப்பதற்கும் அதுதான் காரணம். ராஜேஷ்குமார் என்ற பெயரே விற்கிற இடத்தில் தலைப்பைவிடப் பெயர் பெரிதாக உச்சிக்குப் போனால் அதிலும் நியாயம் இருக்கிறது. புது எழுத்தாளருக்கு அந்த இடத்தைத் தருவது வீண். இன்றைக்குக் கயிறு குறைந்துவிட்டது. புத்தகக் காட்சியில் மேஜைமேல் படுத்துக் கிடக்கிற நூலைக் குனிந்து பார்க்கிறார்கள், அல்லது போனில் நகமளவு படத்தைப் பார்க்கிறார்கள். இரண்டிலும் தலைப்பு மேலே இருப்பதால் நஷ்டமில்லை.

இரண்டாவது விஷயம் எழுத்து. பெரிய எழுத்திலேயே எழுதிய ஆங்கிலத் தலைப்பு ஒரு செவ்வகம். மேலும் கீழும் சமமாக வெட்டி வைத்ததுபோல் நிற்கும். வரிக்கு வரி நெருக்கி அடுக்கலாம். தமிழில் அது முடியாது. ‘கி’யின் கொம்பு மேலே போகும், புள்ளி அதற்கும் மேலே நிற்கும், ‘கு’வும் ‘று’வும் கீழே இறங்கும். ‘ற’ தனியாக நின்றாலும் அதற்கு வால் உண்டு. எழுத்தின் உடல் 10 மி.மீ. என்றால் அந்த வரிக்கு மேலும் கீழும் சேர்த்து 17, 18 மி.மீ. விட வேண்டும். ஆங்கில அட்டைகளைப் பார்த்துப் பழகிய ஓவியர் தலைப்புக்கு என்று கால் பங்கு விட்டுவிட்டு, ‘நிறைய விட்டிருக்கிறேனே’ என்பார். தமிழுக்கு அது பற்றாது. தமிழ் வார்த்தை அகலத்திலும் தாராளம். ‘கொலைகாரன்’ என்று எழுதிப் பார்த்தால் ஒரு வரியே போய்விடுகிறது.

இனி ஒரு அட்டையைச் செய்தே பார்த்துவிடலாம். எழுதப்படாத ஒரு நாவலை எடுத்துக்கொள்வோம். பெயர் ‘மூன்றாம் சாவி’. திருவல்லிக்கேணியில் பழைய மேன்ஷன் ஒன்று. பூட்டிய அறைக்குள் ஒருவர் இறந்து கிடக்கிறார். அந்த அறைக்கு இரண்டு சாவிதான்: ஒன்று மேனேஜரிடம், ஒன்று இறந்தவரின் சட்டைப்பையில். தலைப்பே சொல்கிறது, மூன்றாவது ஒன்று இருந்திருக்கிறது. 240 பக்கம், டெமி அளவு: 140 மி.மீ. அகலம், 216 மி.மீ. உயரம்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவதைத் தாளில் கொட்டிவிட்டு ஒவ்வொன்றாக அடிப்பது நல்லது. ரத்தம் சொட்டும் சாவி: எந்தக் கதைக்கும் பொருந்தும், ஆகவே இந்தக் கதைக்குத் தேவையில்லை. சாவித் துவாரத்தின் வழியே ஒரு கண்: நூறு அட்டையில் பார்த்தாயிற்று, தவிர, நடுவில் வட்டமாக ஒரு உருவம் வந்துவிட்டால் எழுத்து விளிம்புகளுக்குத் துரத்தப்படும். படுக்கையில் கிடக்கும் உடல்: கதையின் முதல் அத்தியாயத்தை அட்டையிலேயே செலவழித்துவிடுகிறது. சாவி செய்கிறவரின் கடை: அழகான படம், ஆனால் கொலையாளி யாரென்று பாதி சொல்லிவிடுகிறது. குற்றக்கதை அட்டைக்கு இதுதான் தனிச் சங்கடம். மற்ற வகை நாவல்களில் கதையின் நல்ல காட்சி ஒன்றை எடுத்து வரையலாம். இங்கே நல்ல காட்சிகள் எல்லாமே தடயம். தடயம் இருக்கிறது என்று தெரிய வேண்டும், எது என்று தெரியக்கூடாது.

மிச்சம் நிற்பது மேன்ஷனின் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் இருக்கிற சாவிப் பலகை. வெளிர் மரப் பலகை, வரிசைக்கு ஐந்தாக நான்கு வரிசைக் கொக்கிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சாவி. ஒரு கொக்கி மட்டும் காலி. இதுவரை சாதாரண யோசனைதான். காணாமல்போன சாவியை யாரும் வரைவார்கள். கொஞ்சம் திருகிப் பார்க்கலாம். இடது மேல் மூலையிலிருந்து டியூப்லைட் வெளிச்சம் விழுகிறது. ஒவ்வொரு சாவியின் நிழலும் வலது பக்கம் பலகையில் சாய்ந்து கிடக்கிறது. காலியான கொக்கிக்குப் பக்கத்திலும் ஒரு சாவியின் நிழல் இருக்கிறது. சாவி இல்லை, நிழல் உண்டு. தூரத்தில் பார்க்கிறவருக்கு வரிசையில் ஒரு ஓட்டை தெரியும், அதுவே போதும். கையில் எடுக்கிறவருக்கு இரண்டாவது பார்வையில் நிழல் தெரியும். கதையில் எதையும் கெடுக்கவில்லை.

இந்த யோசனை தேறியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பலகை மாட்டியிருப்பது சுவரில். பழைய மேன்ஷன் சுவர் எப்படி இருக்கும்? ஆள் உயரத்துக்குச் சற்றுக் கீழே வரை அடர்த்தியாக ஆயில் பெயின்ட், அதற்கு மேல் வெளிறிய டிஸ்டெம்பர், இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு கோடு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, லாட்ஜ் எல்லா இடத்திலும் நாம் பார்த்து வளர்ந்த சுவர். மார்பர் ஸ்கேல் வைத்துப் போட்ட கோட்டை நம்மூர்ப் பெயின்டர் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார். மேல் பகுதி பழுப்பேறிய க்ரீம். அங்கே தலைப்பும் பெயரும். கீழே பச்சை, அங்கே பலகை. எழுத்துக்கென்று வெட்டிவிட்ட காலியிடமாகத் தெரியாது, சுவராகத் தெரியும்.

கணக்கைப் போட்டுவிடலாம். உச்சியில் 12 மி.மீ. யாரும் தொடக்கூடாத ஓரம். கட்டிங்கில் கத்தி ஒன்றிரண்டு மி.மீ. நகர்ந்தாலும் எழுத்து தப்பிக்கும். தலைப்பு எழுத்தின் உடல் 13 மி.மீ.; கொம்பு, வால் எல்லாம் சேர்த்து வரிக்கு 23, இரண்டு வரிக்கு 46. அதற்குக் கீழே 8 மி.மீ. இடைவெளி, ஆசிரியர் பெயருக்கு 7, பெயருக்கும் சுவர்க் கோட்டுக்கும் நடுவே இன்னொரு 7. கூட்டினால் 80 மி.மீ. ஆக, ஓவியர் பென்சிலை எடுத்ததும் முதலில் போட வேண்டியது மேலிருந்து 80-வது மி.மீ.யில் ஒரு கிடைக்கோடு. கீழே மிஞ்சுவது 136 மி.மீ.; பலகைக்குத் தாராளம். மார்பர் விட்டது மூன்றில் ஒரு பங்கு. நமக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுகிறது, மேலே சொன்ன கொம்பும் வாலும்தான் காரணம்.

அடுத்து, அந்த இரண்டு வார்த்தையையும் சுவரில் வைத்துப் பார்க்க வேண்டும். கறுப்புச் செவ்வகம் ஒன்றைப் போட்டு ‘தலைப்பு இங்கே’ என்று எழுதிவைப்பது பலரின் பழக்கம். தமிழில் அது ஏமாற்றும். உண்மையான எழுத்தையே வைக்க வேண்டும். ‘மூன்றாம்’ மேல் வரி, ‘சாவி’ கீழ் வரி, இரண்டும் இடது ஓரத்தில் தொடங்குகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் வரி தோராயமாக 90 மி.மீ. ஓடுகிறது, கீழ் வரி அதில் பாதி. இப்போது ‘வி’யின் கொம்பு எழும்புகிற இடமும் மேலே ‘ற’வின் வால் இறங்குகிற இடமும் ஏறக்குறைய ஒன்று. கொம்பும் வாலும் முட்டிக்கொள்கின்றன, தூரத்தில் பார்த்தால் ஏதோ ஒரு புது எழுத்தாகிவிடுகிறது. வரி இடைவெளியைக் கூட்டித் தப்பிக்கலாம், ஆனால் 80 மி.மீ. கணக்கு உடையும். ‘சாவி’யை மேல் வரியின் வலது ஓரத்துக்குத் தள்ளிப் பார்த்தால் ‘றா’வுக்குக் கீழே ‘சா’ வருகிறது, ‘ம்’முக்குக் கீழே ‘வி’ வருகிறது. ‘சா’வுக்கு மேலே எதுவும் நீட்டிக்கொண்டில்லை, ‘ம்’முக்குக் கீழே எதுவும் தொங்கவில்லை. பிரச்சினை தீர்ந்தது. எழுத்துருவுக்கு எழுத்துரு வாலின் நீளம் மாறும், ஆகவே இதைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

‘சாவி’ வலப்பக்கம் போனதில் ஒரு லாபமும் இருக்கிறது. கண் மேலே இடப்பக்கம் நுழைந்து, வலப்பக்கம் இறங்கி, ஆசிரியர் பெயரைத் தொட்டுக்கொண்டு கீழே போகிறது. காலிக் கொக்கி வலப்பக்கத்தில் இருந்தால் கண் நேராக அங்கே போய் விழும். ஆசிரியர் பெயரையும் வலப்பக்க ஓரத்தில் அதே கோட்டில் முடிக்க வேண்டும். நடுவில் வைத்தால் மூன்று வரியும் மூன்று திசைக்கு இழுக்கும்.

சுவரை வரைகிற ஓவியருக்கு ஒரு ஆசை கட்டாயம் வரும். பழைய சுவர் என்றால் விரிசல் வேண்டாமா, மழைக்கறை வேண்டாமா, ஒரு பல்லி வேண்டாமா? வேண்டும், ஆனால் அளவோடு. எழுத்து வரும் பகுதியில் சுவரின் மிக வெளிர் இடத்துக்கும் மிக அடர்ந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சமாகவே இருக்க வேண்டும். கறை எழுத்தைவிட மெல்லியதாக, பெரியதாகப் பரவலாம். எழுத்தின் கோட்டு அகலத்தில் ஒரு விரிசல் ஓடினால் அது எழுத்தின் காலாகிவிடும். பல்லியைத் தலைப்பின் கடைசியில் விட்டால் யாராவது அதை ஆச்சரியக்குறி என்று வாசிப்பார்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் சுவர் ஒரே சாம்பலாகத் தெரிய வேண்டும். தெரிந்தால் எழுத்து அங்கே ஸ்ட்ரோக்கும் ஷேடோவும் இல்லாமல் நிற்கும்.

சாவிகளுக்கு மேலே அறை எண் தகடு வரைவதிலும் எச்சரிக்கை வேண்டும். ‘17’ என்று கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டால் வாசகர் அதைத் தலைப்போடு சேர்த்துப் படிப்பார், அல்லது விலை என்று நினைப்பார். அட்டையில் வாசிக்க முடிகிற எந்த எழுத்தும் தலைப்புக்குப் போட்டிதான். தகடு இருக்கட்டும், எண் தேய்ந்து போயிருக்கட்டும்.

அட்டை என்பது முன்பக்கம் மட்டுமில்லை. முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றும் ஒரே தாளில் அச்சாகிப் பிறகுதான் மடிகின்றன. 240 பக்கம் என்றால் 120 தாள். வழக்கமான மேப்லித்தோவில் முதுகு ஏறக்குறைய 11 மி.மீ. வரும். முதுகுக்கு வேறு நிறம் கொடுப்பது பலருக்குப் பிடிக்கும். பைண்டிங்கில் மடிப்பு ஒரு மி.மீ. நகர்ந்தால் அந்த நிறம் முன்னட்டையில் ஒரு கோடாக எட்டிப் பார்க்கும். நம் சுவர் அப்படியே முதுகைச் சுற்றிப் பின்னட்டைக்கும் போகிறது, ஆகவே மடிப்பு எங்கே விழுந்தாலும் தெரியாது. இது சுவரால் வந்த இலவச லாபம்.

ஆனால் அதே சுவர் முதுகில் ஒரு பள்ளமும் வைத்திருக்கிறது. 80-வது மி.மீ.யில் க்ரீம் முடிந்து பச்சை தொடங்குகிறதே, அது முதுகிலும் அதே இடத்தில் வரும். முதுகில் தலைப்பு மேலிருந்து கீழாக நீளமாக ஓடினால் பாதி க்ரீமிலும் பாதி பச்சையிலும் விழும். கறுத்த எழுத்து க்ரீமில் தெரியும், பச்சையில் மூழ்கும். தலைப்பை முதல் 80 மி.மீ.க்குள் அடக்கிவிட வேண்டும்; உச்சி ஓரம் போக 68 மி.மீ. கிடைக்கிறது. முதுகில் எழுத்தின் உடல் நாலரை மி.மீ.க்கு மேல் போகாது என்பதால் ‘மூன்றாம் சாவி’ அதில் தாராளமாக அடங்கும். ஆசிரியர் பெயர் கீழே பச்சையில், க்ரீம் நிறத்தில். அலமாரியில் நிற்கும்போது முதுகிலும் அந்த இரண்டு நிறச் சுவர் தெரியும். நாவல் விற்று, அடுத்த நாவலுக்கும் இதே சுவரைப் போட்டால் வரிசையாகிவிடும்.

அச்சகத்தில் கெடுகிற விஷயங்கள் நிறைய, இந்த அட்டைக்கு முக்கியமானவை இரண்டு. கம்ப்யூட்டர் திரையில் பச்சை ஒளியோடு தெரியும். ஆர்ட் போர்டில் அச்சாகி மேட் லேமினேஷன் ஏறியதும் அது இருண்டு மந்தமாகும். நம் யோசனை முழுவதும் ஒரு நிழலில் நிற்கிறது. அந்த நிழல் பச்சைச் சுவரில் விழுந்திருந்தால் அச்சில் காணாமல் போயிருக்கும். அதனால்தான் பலகை வெளிர் மரமாக இருக்கிறது, அதனால்தான் சாவிகள் பலகையின் ஓரத்துக்கு மிக அருகே வரக்கூடாது. நிழல் சரிந்து பச்சைக்குள் இறங்கிவிடும். இன்னொன்று, முதுகில் பச்சை மேல் விடுகிற சின்ன எழுத்து. நான்கு நிறம் சேர்ந்து உண்டான பச்சையில் க்ரீம் எழுத்து என்பது மை விழாத ஓட்டை போன்றது. நான்கு பிளேட்டில் ஒன்று இம்மி விலகினாலும் ஓட்டையின் ஓரம் அடைபடும், மெல்லிய கோடுகள் தேய்ந்து ‘ன’வும் ‘ண’வும் ஒன்றாகும். அங்கே தடித்த எழுத்தைத் தவிர வேறெதையும் நம்பக்கூடாது.

சோதனை பார்ப்பதற்குச் செலவில்லை. அட்டையை மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருக்கிப் பிரிண்ட் எடுத்து, கை நீட்டிய தூரத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். இணையக் கடையில் அது ஏறக்குறைய அப்படித்தான் தெரியப்போகிறது. ‘மூன்றாம் சாவி’ படிக்க முடிகிறதா? கீழே சாவிகள் வரிசையாகத் தொங்குகின்றன என்று புரிகிறதா? ஓட்டை ஒன்று இருப்பது உறுத்துகிறதா? ஆசிரியர் பெயர் அந்த அளவில் தெரியாமல் போனால் பரவாயில்லை, கடையே அதைப் பக்கத்தில் அச்சடித்திருக்கும். பத்தொன்பது சாவிகள் பூச்சிக்கூட்டமாகத் தெரிந்தால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். நான் போட்டுப் பார்த்த வரையில் வரிசைக்கு ஐந்து அதிகம், நான்கு போதும். கொக்கிகளுக்கு நடுவே இடம் கூடும்போது நிழலும் சுதந்திரமாக விழுகிறது.

இப்போதெல்லாம் பதிப்பாளர் கேட்கிற இன்னொன்று: ‘இதையே பாட்காஸ்டாகவும் போடுகிறோம், அதற்கும் ஒரு படம் கொடுத்துவிடுங்கள்.’ பாட்காஸ்ட் படம் சதுரம். வழக்கமாக 3000 பிக்சலுக்கு 3000 பிக்சல் தருகிறோம். கேட்கிறவர் பார்ப்பதோ கட்டைவிரல் நக அளவில், அதுவும் மூலைகள் வளைக்கப்பட்டு. அட்டையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சதுரத்தில் வெட்டுப்படும். நான்கு வரிசைச் சாவிகளில் மேல் இரண்டுதான் பிழைக்கும். காலிக் கொக்கியை முதலில் மூன்றாவது வரிசையில் வைப்பதாக இருந்தேன், பலகையின் நடுவுக்குக் கீழே அது ஒளிந்திருப்பது அழகாக இருந்தது. சதுரத்தில் அது வெட்டுப்பட்டால் மிஞ்சுவது ஒரு சாவிக் கடை விளம்பரம். ஆகவே இரண்டாவது வரிசை, வலப்பக்கத்திலிருந்து இரண்டாவது கொக்கி. புத்தகத்திலும் அது கெடவில்லை. பாட்காஸ்ட் படத்தில் ஆசிரியர் பெயர் இருந்த இடம் வரை சுவரைக் குறைத்துவிட்டு, தலைப்பைப் பெரிதாக்கலாம். பெயர் கீழே பட்டியலில் தனியாக வரத்தான் போகிறது.

ஓவியரிடமிருந்து வாங்கும்போது சுவரும் பலகையும் சாவிகளும் நிழல்களும் தனித்தனி லேயராக வர வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுவது நல்லது. தாளில் கையால் வரைகிறவர் என்றால் நாலு பக்கமும் 3 மி.மீ. பிளீடு போக, மேலே மட்டும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் சுவரைக் கூடுதலாக வரையச் சொல்லலாம். வெறும் சுவர்தானே என்று அவர் சிரிப்பார். அச்சுக்குப் போகிற வாரத்தில் அந்த வெறும் சுவர் தேவைப்படும். தலைப்புகள் மாறும். எழுத்தாளருக்கு ராத்திரியில் தோன்றும், பதிப்பாளரின் மாமனாருக்குத் தோன்றும், வேறொருவர் அதே பெயரில் போன வருஷம் புத்தகம் போட்டிருப்பது தெரியவரும்.

நம் நாவலுக்கும் அப்படி ஒரு போன் வருகிறது என்று வையுங்கள். ‘மூன்றாம் என்பது பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது, மூன்றாவது சாவி என்று வைத்துக்கொள்ளலாமா?’ ஒரு எழுத்துதான் கூடுகிறது. மேல் வரி 100 மி.மீ.யைத் தொடுகிறது; ஓரம் போக 116 மி.மீ. இருப்பதால் அகலத்தில் கவலையில்லை. ஆனால் வரியின் கடைசியில் இப்போது ‘து’ நிற்கிறது, அதற்கு வால் உண்டு. வலது ஓரத்தில் இருக்கிற ‘சாவி’யின் கொம்பு நேராக அந்த வாலில் போய்க் குத்துகிறது. இடப்பக்கம் கொண்டுபோனால் பழையபடி ‘ற’. ஆகவே ‘சாவி’யை வலது ஓரத்திலிருந்து ஓர் எழுத்து அகலம் உள்ளே இழுத்து, ‘வி’யை ‘வ’வுக்கு நேர் கீழே நிறுத்துகிறோம். ‘வ’வுக்கு வாலும் இல்லை, கொம்பும் இல்லை. ஆசிரியர் பெயரின் முடிவும் அதே கோட்டுக்கு நகர்கிறது. கீழே காலிக் கொக்கி இரண்டாவதாக இருப்பது அந்தக் கோட்டுக்கு நேராக வந்துவிடுகிறது. சுவரைத் தொட வேண்டியிருக்கவில்லை. அன்று சாயங்காலமே ராப்பர் பிளேட்டுக்குப் போகலாம்.